சிறிய அலுவலகத்தின் வைஃபையைப் பாதுகாப்பது எப்படி: ஹேண்ட்ஷேக்கில் தொடங்கி

வைஃபை பாஸ்வேர்டாக அலுவலக மொபைல் எண்ணையே வைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். எல்லோருக்கும் மனப்பாடம், வாடிக்கையாளர் கேட்டால் வாயாலேயே சொல்லிவிடலாம். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையிலும் அதே எண்தான் இருக்கும். இது எவ்வளவு ஆபத்து என்று தெரிய, லேப்டாப் வைஃபையில் இணையும் அந்த ஒரு கணத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அது புரிந்தால், திறந்த பொது ஹாட்ஸ்பாட்டில் எது இல்லாமல் போகிறது என்பதும், ரவுட்டரில் எந்த செட்டிங்கை எதற்காக மாற்றுகிறோம் என்பதும் சேர்ந்தே புரியும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் ஒன்று, அதுவே வைஃபையும் தருகிறது. ஒரு கம்ப்யூட்டரில் டேலி டேட்டா இருக்கிறது, மற்றவர்கள் அதை ஷேர் செய்த ஃபோல்டர் வழியாகத் திறக்கிறார்கள். ஒரு பிரின்டர், சிசிடிவிக்கு ஒரு டிவிஆர். வெளியே காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபை, அதே பாஸ்வேர்ட்.

இணையும் கணத்தில் நடப்பது

பாஸ்வேர்ட் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. லேப்டாப்பும் ரவுட்டரும் தனித்தனியாக, பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகின்றன. இன்று பரவலாக உள்ள வைஃபை பூட்டு முறையான WPA2-வில் அந்தக் கணக்கு 4096 சுற்று ஓடும். கிடைப்பது 256 பிட் நீளமுள்ள மூலச் சாவி. இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் ஒரே மூலச் சாவிதான் வரும். அதை வெளியே காட்டாமல், "உன்னிடமும் அது இருக்கிறதா?" என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வதுதான் ஹேண்ட்ஷேக். மொத்தம் நான்கு செய்திகள்.

முதல் செய்தியில் ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. அதைப் பெற்ற லேப்டாப் தானும் ஒரு தற்செயல் எண்ணை உருவாக்குகிறது. மூலச் சாவி, இரண்டு தற்செயல் எண்கள், இரண்டு கருவிகளின் அடையாள எண்களான மேக் முகவரிகள் எல்லாம் கலந்து, அந்த இணைப்புக்கு மட்டுமான சாவி பிறக்கிறது. இரண்டாம் செய்தியில் லேப்டாப் தன் எண்ணை அனுப்புகிறது, கூடவே அந்தச் சாவியால் கணக்கிட்ட ஒரு முத்திரையையும். ரவுட்டர் தானும் அதே கணக்கைப் போட்டு முத்திரையை ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் பாஸ்வேர்ட் தவறு. பொருந்தினால் மூன்றாம் செய்தி: ரவுட்டர் தன் முத்திரையைப் போட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒலிபரப்புச் சாவியை மறைகுறியாக்கி அனுப்புகிறது. நான்காவது, "கிடைத்தது" என்ற பதில். அதன் பிறகு போகும் தரவெல்லாம் அந்த இணைப்பின் சாவியால் பூட்டப்பட்டே போகும்.

இதை வெளியே காரில் உட்கார்ந்து ஒருவர் பதிவு செய்கிறார் என்று வையுங்கள். முதல் இரண்டு செய்திகளிலேயே இரண்டு தற்செயல் எண்களும், மேக் முகவரிகளும், முத்திரையும் அவர் கைக்கு வந்துவிடும். வைஃபை பெயரும் தெரியும். இல்லாதது பாஸ்வேர்ட் ஒன்றுதான். ஒரு பாஸ்வேர்டை ஊகித்து, அதே கணக்கைப் போட்டு, முத்திரை பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். இதற்கு உங்கள் ரவுட்டருடன் பேச வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்குப் போய் நிதானமாக முயலலாம், எத்தனை தடவை தவறினாலும் உங்களுக்குத் தெரியவராது. யாராவது இணையும் வரை அவர் காத்திருக்கவும் தேவையில்லை. "இணைப்பைத் துண்டி" என்று ரவுட்டரின் பெயரில் போலிச் செய்தி அனுப்பினால் லேப்டாப் விலகி, தானாக மறுபடி இணையும். அப்போது ஹேண்ட்ஷேக் நடந்துவிடும்.

இப்போது மொபைல் எண்ணுக்கு வருவோம். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தச் சாத்தியங்கள் 400 கோடி. இன்றைய உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஊகங்களைச் சோதிக்கும். பத்து லட்சம் என்றே வைத்தாலும் 4000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குள் இந்தியாவின் எல்லா மொபைல் எண்களையும் சோதித்து முடித்துவிடலாம். எண் பெயர்ப்பலகையிலேயே இருந்தால் முதல் ஊகமே பலிக்கும்.

WPA2-வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பாஸ்வேர்ட் ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஊகிக்கும் வேலையும் இல்லை. உங்கள் லேப்டாப் இணையும்போது நடந்த ஹேண்ட்ஷேக்கை அவர் பதிவு செய்திருந்தால், உங்கள் இணைப்பின் சாவியை அவரே கணக்கிட்டுவிடலாம். ஆகவே காத்திருப்பு அறையில் இருப்பவருக்கும் ஊழியருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், அந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஊழியரின் லேப்டாப் திறந்த வைஃபையில் இருப்பது போலத்தான். கபேயில் சுவரில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருப்பதும் இதே கதை.

2018-இல் வைஃபை அலையன்ஸ் அறிமுகம் செய்த WPA3 இந்த இடத்தைத்தான் மாற்றியது. அதில் பாஸ்வேர்டிலிருந்து நேரடியாக மூலச் சாவி வருவதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய மூலச் சாவி உருவாகிறது. பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் உங்கள் ரவுட்டரிடம் வந்து கேட்டே ஆக வேண்டும். பாஸ்வேர்ட் பின்னால் கசிந்தாலும் பழைய பதிவுகளைத் திறக்க முடியாது. 2019-இல் இதன் நடைமுறையிலும் சில ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அப்டேட்டுகள் வந்தன. ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

திறந்த ஹாட்ஸ்பாட்டில் எது இல்லை

பாஸ்வேர்ட் கேட்காத வைஃபையில் மூலச் சாவி இல்லை, அதனால் மேலே சொன்ன நான்கு செய்திகளும் இல்லை. இணைந்தவுடன் எல்லாம் அப்படியே காற்றில் போகும். இதில் இரண்டு இழப்புகள். ஒன்று, மறைகுறியாக்கம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மூன்றாம் செய்தி வழியாக ரவுட்டர் தானும் பாஸ்வேர்ட் தெரிந்தது என்று நிரூபிக்கிறதே, அந்த நிரூபணமும் போய்விடுகிறது. யார் வேண்டுமானாலும் அதே பெயரில் ஒரு ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கலாம். முன்பு ஒருமுறை அந்தப் பெயரில் இணைந்த போன், சிக்னல் வலுவாக இருக்கும் போலியோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

ரயில் நிலையத்தில் மொபைல் எண் கொடுத்து ஓடிபி போட்டுத்தானே இணைகிறோம் என்று கேட்கலாம். ஓடிபி சொல்வது நீங்கள் யார் என்பதை மட்டும். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள காற்றை அது பூட்டுவதில்லை. வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இல்லை என்றால், ஓடிபிக்கு முன்னும் பின்னும் அது திறந்த வைஃபைதான்.

சரி, இன்று பெரும்பாலான தளங்கள் https-இல் இருக்கின்றனவே? உண்மைதான், அதனால் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. 2010-இல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற பிரௌசர் நீட்சி, திறந்த வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையவிட்டது. லாகின் பக்கம் மட்டும் https, மற்றதெல்லாம் திறந்தபடி என்று இருந்த காலம் அது. இன்று பேங்க் தளத்தின் உள்ளடக்கம் அப்படித் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் வழக்கமான டிஎன்எஸ் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். https இல்லாமல் திறக்கும் பக்கங்கள் முழுதாகத் தெரியும்.

அலுவலகத்துக்கு உள்ளே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே https அநேகமாக இல்லை. நீங்கள் பிரின்ட் கொடுக்கும் கோப்பு பெரும்பாலும் 9100-ஆம் போர்ட் வழியாக எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் பிரின்டருக்குப் போகிறது. வாடிக்கையாளரின் பான் எண், வருமானக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். டிவிஆரின் பக்கம் பெரும்பாலும் வெறும் http. அங்கெல்லாம் வைஃபையின் பூட்டு ஒன்றுதான் பூட்டு.

முதல் படி: கேபிள் போட்டு உட்காருங்கள்

அலுவலக நேரம் முடிந்த பிறகு தொடங்குங்கள். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டருடன் இணையுங்கள். வைஃபை செட்டிங்கை வைஃபையில் இருந்தபடியே மாற்றினால், சேமித்த கணமே நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடித்து, Default Gateway என்ற வரியில் உள்ள முகவரியைப் பிரௌசரில் திறங்கள்.

```
ipconfig
```

உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக இருக்க வேண்டும். அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட். Remote Management என்பதை அணையுங்கள், வெளியிலிருந்து யாரும் இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை.

WPS என்பதையும் அணையுங்கள். எட்டு இலக்க பின் எண்ணால் இணையும் வசதி அது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ரவுட்டர் முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிகளில் பின் எண் கிடைத்துவிடும். 2011-இலேயே அம்பலமான குறை இது. எவ்வளவு நல்ல பாஸ்வேர்ட் வைத்தாலும் இது திறந்திருந்தால் பயனில்லை.

இரண்டாம் படி: பூட்டின் வகை

பாதுகாப்பு வகையில் WPA2/WPA3 கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கருவிகளும் புதியவை என்றால் WPA3 மட்டும். WPA3 இல்லாத ரவுட்டரில் WPA2, AES மட்டும். பெயரில் TKIP வரும் எதையும் தொடாதீர்கள். அது பாதுகாப்பில் பழையது, வேகத்தையும் கெடுக்கும். புது லேப்டாப்பின் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் நின்றால், TKIP தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

PMF அல்லது Protected Management Frames என்று ஒரு தேர்வு இருக்கும். முன்பு சொன்ன போலித் துண்டிப்புச் செய்தியைத் தடுப்பது அதுதான். கலப்பு முறையில் Capable அல்லது Optional என்று வையுங்கள். சில பழைய பிரின்டர்கள் இதைக் கண்டதும் இணைய மறுக்கும். அதற்காக எல்லோருடைய பாதுகாப்பையும் குறைக்க வேண்டாம், பிரின்டரை லேன் கேபிளில் போட்டுவிடுங்கள். டேலி இருக்கும் கம்ப்யூட்டரும் கேபிளில் இருப்பதே நல்லது, வேகமும் சீராக இருக்கும்.

கலப்பு முறையில் ஒன்றை நினைவில் வையுங்கள்: WPA2-வில் இணையும் ஒரு பழைய போன் போதும், அதன் ஹேண்ட்ஷேக்கைப் பதிவு செய்து அதே பாஸ்வேர்டை ஊகிக்கலாம். ஆகவே அடுத்த படியைத் தவிர்க்க முடியாது.

மூன்றாம் படி: பெயரும் பாஸ்வேர்டும்

மூலச் சாவிக் கணக்கில் வைஃபை பெயரும் சேர்வதால், பலரும் வைக்கும் பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்ட பட்டியல்கள் உண்டு. மோடத்துடன் வந்த பெயரை மாற்றி, வேறு யாரும் வைத்திருக்க முடியாத பெயரைக் கொடுங்கள். பெயரை மறைத்துவைப்பதால் பயனில்லை, கருவிகள் இணையும்போது அது எப்படியும் காற்றில் தெரியும்.

பாஸ்வேர்டுக்கு 8 முதல் 63 எழுத்து வரை இடம் உண்டு. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேர்ப்பது நமக்கு வசதி. ஆனால் சொற்களை நீங்கள் யோசித்து எடுக்கக் கூடாது. யோசித்தால் சாமி பெயரும் பிள்ளை பெயரும்தான் வரும். ஓர் அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி, விரல் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் உள்ள எளிய பெயர்ச்சொல்லை எடுங்கள். வடிவம் இப்படி இருக்கும், இதையே வைத்துவிடாதீர்கள்:

```
erumbu-padagu-thakkali-mathalam-seval
```

தேர்வு சுமார் 2000 எளிய சொற்களிலிருந்து நடக்கிறது என்று வைத்தால், ஐந்து சொற்களுக்கான சாத்தியங்கள் 2000-ஐ ஐந்து முறை பெருக்கியது. நொடிக்குப் பத்து லட்சம் வேகத்தில் அனைத்தையும் சோதிக்க ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். ஒரே மணி நேரத்தில் முடிந்த மொபைல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு கார்டு வைத்திருப்பவரை நினைத்துக் கவலை என்றால் ஆறாவது சொல் ஒன்றைச் சேருங்கள், நேரம் 2000 மடங்காகும்.

நான்காம் படி: வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை

ரவுட்டரில் Guest Network இருந்தால் அதை இயக்கி, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் விடாதீர்கள். விருந்தினர் உள் நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும், விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கும் AP Isolation இயங்க வேண்டும். இந்த Isolation-ஐ ஊழியர் வைஃபையில் போட்டுவிடாதீர்கள். வைஃபையில் உள்ள பிரின்டரும் ஷேர் ஃபோல்டரும் காணாமல் போகும், காரணம் தெரியாமல் ஒரு நாள் வீணாகும்.

பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லி அலுக்காமல் இருக்க, க்யூஆர் கோடு அச்சிட்டு வரவேற்பு மேசையில் வைக்கலாம். அதற்குள் இருக்க வேண்டிய வரி இதுதான்:

```
WIFI:T:WPA;S:விருந்தினர்_பெயர்;P:பாஸ்வேர்ட்;;
```

மோடத்தில் Guest Network வசதியே இல்லாமல் இருக்கலாம். அப்போது ஒரு ரவுட்டர் வாங்கி மோடத்தின் பின்னால் மாட்டுவார்கள். இங்கேதான் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்: அலுவலகம் பழையபடி மோடத்திலேயே, புது ரவுட்டர் விருந்தினருக்கு. உள் ரவுட்டரில் இருப்பவர் வெளியே போகும் வழியில் மோடத்தின் நெட்வொர்க் இருக்கிறது, ஆகவே அதில் உள்ள டேலி கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் விருந்தினரால் எட்ட முடியும். எதிர்ப்பக்கம் அப்படி முடியாது. மோடத்தில் இருப்பவர் தானாக உள் ரவுட்டருக்குள் நுழைய முடியாதபடி அதன் ஃபயர்வால் தடுக்கும். ஆகவே புது ரவுட்டர் அலுவலகத்துக்கு, மோடத்தின் வைஃபை விருந்தினருக்கு. டேலி கம்ப்யூட்டர், பிரின்டர், டிவிஆர் ஆகியவற்றின் கேபிள்களையும் மோடத்திலிருந்து கழற்றிப் புது ரவுட்டரில் மாட்ட மறக்க வேண்டாம். இரண்டின் முகவரி வரிசையும் வேறாக இருக்க வேண்டும்: மோடம் 192.168.1.1 என்றால் ரவுட்டரை 192.168.50.1 ஆக்குங்கள். மோடத்தின் அட்மின் பக்கம் விருந்தினருக்குத் தெரியும் என்பதால், அதன் பாஸ்வேர்ட் மாறியிருக்க வேண்டும் என்பது இப்போது இரட்டிப்பு முக்கியம்.

ஐந்தாம் படி: சோதித்துப் பாருங்கள்

ஊழியர் வைஃபையில் இணைந்த லேப்டாப்பில்:

```
netsh wlan show interfaces
```

Authentication வரியில் WPA3-Personal அல்லது WPA2-Personal வர வேண்டும், Cipher வரியில் CCMP. AES-க்கு இங்கே காட்டும் பெயர் அது. Open என்று வந்தால் தவறான வைஃபையில் இருக்கிறீர்கள்.

பிரிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலர் விருந்தினர் வைஃபையிலிருந்து டேலி கம்ப்யூட்டருக்கு பிங் அடித்து, பதில் வராததைக் கண்டு திருப்தி அடைகிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் தானாகவே பிங்கைத் தடுக்கும், பிரிப்பு இல்லாமலும் பதில் வராமல் போகும். ஆகவே பிரின்டரை வைத்துச் சோதியுங்கள். ஊழியர் வைஃபையில் இணைந்த ஒரு போனில் அதன் முகவரியைப் பிரௌசரில் திறங்கள், அதன் செட்டிங் பக்கம் வரும். அதே போனை விருந்தினர் வைஃபைக்கு மாற்றி, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே முகவரியைத் திறங்கள். அங்கே வந்து இங்கே வராவிட்டால்தான் பிரிப்பு உண்மை. டிவிஆரையும் இப்படியே பாருங்கள். இந்தச் சோதனைகள் எல்லாம் உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும்.

ஆறாம் படி: வெளியே போகும் லேப்டாப்புகள்

பழைய திறந்த வைஃபைகளின் பெயர்கள் ஊழியர்களின் லேப்டாப்பில் தங்கியிருக்கும். பட்டியலைப் பார்த்து, தேவையில்லாததை நீக்குங்கள்:

```
netsh wlan show profiles
netsh wlan delete profile name="பெயர்"
```

வெளியூரில் ரிட்டர்ன் தாக்கல் செய்யவோ டேலியைத் தொலைவிலிருந்து திறக்கவோ வேண்டும் என்றால், சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். அதற்கும் பாஸ்வேர்ட் உண்டு, ஹேண்ட்ஷேக் உண்டு. பொது வைஃபை தவிர வழியில்லை என்றால் நம்பகமான விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் பிழை என்று பிரௌசர் எச்சரித்தால், "பரவாயில்லை, தொடர்" என்று அழுத்தவே கூடாது. போலி ஹாட்ஸ்பாட் நடுவில் நிற்பதை அந்த இடத்தில் அந்த எச்சரிக்கை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

ஊழியர் விலகும்போது

பகிர்ந்த பாஸ்வேர்டின் பெரிய எல்லை இதுதான். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் பாஸ்வேர்ட் அவர் போனில் இருக்கும், WPA2 ஹேண்ட்ஷேக்கைப் பதிவு செய்தால் அவரால் சாவியும் கணக்கிட முடியும். ஆகவே யார் விலகினாலும், சண்டை இல்லாமல் விலகினாலும், அன்று மாலையே ஊழியர் வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் இது அரை மணி நேர வேலை. பிரின்டரும் டேலி கம்ப்யூட்டரும் கேபிளில் இருந்தால் மாற்ற வேண்டியவை இன்னும் குறையும். ஆட்கள் பதினைந்து இருபது என்று பெருகி, மாதம் ஒருவர் வந்து போகும் நிலை வந்தால், ஆளுக்கொரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கும் WPA2-Enterprise முறைக்குப் போங்கள். அதற்கு, இந்தக் கணக்குகளை வைத்திருந்து சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்று வேண்டும். போனவரின் கணக்கை மட்டும் அதில் முடக்கினால் போதும், மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.